தவணையில் கட்டுகிறோம், முழுதாகக் கட்டுகிறோம்: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயா அவர்களுக்கும், முதல்வர் அம்மா அவர்களுக்கும் வணக்கம்.

திருப்பூரில் உங்கள் பள்ளியில் என் மகள் வரும் ஜூனில் எட்டாம் வகுப்புக்கும், மகன் நான்காம் வகுப்புக்கும் போகிறார்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பவர்டேபிளில் டெய்லர். 2026-27 கல்வியாண்டுக்கான கட்டணச் சுற்றறிக்கை போன வாரம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதில் உள்ள தொகையைப் பற்றி எனக்கு எந்தத் தகராறும் இல்லை. 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு போட்ட தொகையைத்தான் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். மகளுக்கு 28,500 ரூபாய், மகனுக்கு 22,500 ரூபாய். இருவருக்கும் சேர்த்து 51,000. இதில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. எந்தத் தேதியில் எவ்வளவு கட்டுவது என்பதை மட்டும் மாற்றித் தரும்படி கேட்கத்தான் இந்த மடல்.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தவணை கேட்பவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, அலுவலக ஜன்னல் முன்னால் குரலைத் தாழ்த்திக் கேட்கிறோம். ஒருவருக்குச் சரி என்கிறார்கள், இன்னொருவருக்கு முடியாது என்கிறார்கள். யாருக்கு என்ன சொன்னார்கள் என்பது எழுத்தில் எங்கும் இருப்பதில்லை. எங்கள் வீட்டுக் கணக்கை எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டால், பள்ளியும் ஒரு முறையாக யோசிக்கலாம், கேட்கக் கூச்சப்படும் மற்ற பெற்றோருக்கும் வழி கிடைக்கலாம் என்று நினைத்தேன்.

சுற்றறிக்கைப்படி 60 சதவீதம், அதாவது 30,600 ரூபாயை ஜூன் 5-க்குள் கட்ட வேண்டும். மீதி 20,400 ரூபாயை அக்டோபர் 5-க்குள் கட்ட வேண்டும். தேதி தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று தாமதக் கட்டணம். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது சிரமமாக இருந்தாலும் சமாளிக்கக்கூடிய ஏற்பாடாக இருக்கலாம். வாரக் கூலி வாங்கும் எங்களுக்கு இந்த இரண்டு தேதிகளுமே வருடத்தின் மோசமான இடத்தில் வந்து விழுகின்றன. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

எங்களுக்குச் சம்பளம் சனிக்கிழமை சாயங்காலம். எனக்கு ஷிப்ட் கணக்கு. வாரம் முழுவதும் வேலை இருந்தால் 2,500 ரூபாய் வரும். வீட்டுக்காரருக்குப் பீஸ் ரேட். அவர் ஒரு சின்ன நோட்டில் எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், என்ன ரேட் என்று நாள்தோறும் எழுதிவைப்பார். சனிக்கிழமை காண்ட்ராக்டரின் நோட்டோடு ஒத்துப்பார்த்து, முன்பணம் வாங்கியிருந்தால் கழித்து, மீதியைக் கவரில் போட்டுத் தருவார்கள். நல்ல வாரத்தில் 4,500 வரும். ஆர்டர் இல்லாத வாரத்தில் 2,000 வந்தால் பெரிது. போன ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்ட சமயத்தில், ஏற்றுமதி கம்பெனியில் இருக்கும் எங்களுக்கு ஷிப்ட் குறைந்தது. அப்போது வாரத்தில் நான்கு நாள் வேலை கிடைத்தாலே போதும் என்று இருந்தோம்.

நல்ல மாதத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு வாரத்துக்கு 28,000 ரூபாய் வருகிறது. லைன் வீட்டு வாடகையும் கரண்டும் சேர்த்து 7,000. அரிசி, மளிகை, பால், காய்கறி, கேஸ் எல்லாம் 9,500. பள்ளி வேன் இருவருக்கும் 1,800. பெட்ரோல், போன், மருந்து மாத்திரை, ஊரில் இருக்கும் மாமியாருக்கு அனுப்புவது எல்லாம் சேர்த்து 4,700. ஆக 23,000 போய்விடும். மிச்சம் 5,000. நான் கேட்கும் தவணை இந்த 5,000 ரூபாயை வைத்துப் போட்டதுதான். அதற்கு மேல் சொன்னால் அது எழுத்தில் அழகாக இருக்கும், பணமாக வராது.

இப்போது ஜூன் 5-ஐப் பாருங்கள். மே கடைசியில் எங்கள் கையில் கட்டணத்துக்கென்று இருக்கப்போவது, சீட்டுப் பணத்திலிருந்து எடுத்துவைத்த 12,000 ரூபாய். புத்தகம், நோட்டு, சீருடை, ஷூ, பை எல்லாம் இருவருக்குமாக 11,000 ஆகும். அதற்குத் தனியாகச் சேர்த்துவருகிறோம், ஜூன் மாத மிச்சமும் அதற்கே போகும், அதுவும் பள்ளியிலேயே கட்டுவதுதான். ஆக 30,600-க்கு 18,600 ரூபாய் குறைகிறது.

போன வருடமும் ஏறக்குறைய இதே அளவுதான் குறைந்தது. வார வசூல்காரரிடம் வாங்கிக் கட்டினோம். எங்கள் பக்கத்தில் அது எப்படி நடக்கும் என்றால், 10,000 ரூபாய் கடன் என்று எழுதிக்கொண்டு 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு கையில் 8,500 தருவார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். 18,600 ரூபாய் கையில் வர வேண்டுமென்றால் 22,000 ரூபாய்க்குக் கடன் எழுத வேண்டும். கையில் 18,700 வரும். அப்புறம் வாரம் 2,200 ரூபாய் பத்து வாரத்துக்கு. என் வாரச் சம்பளம் 2,500. அதாவது ஜூன் தொடங்கி ஆகஸ்ட் பாதி வரை என் சம்பளம் அப்படியே வசூல்காரருக்குப் போகும். அந்தப் பத்து வாரத்தில் ஒரு ரூபாய்கூடச் சேர்க்க முடியாது. ஆகஸ்ட் பாதியில் கடன் முடியும்போது அக்டோபர் தவணைக்கு ஏழு வாரம்தான் இருக்கும். அந்த ஏழு வாரத்தில் 20,400 எப்படிச் சேரும்? மறுபடி கடன்தான். இந்த வகையில் போகும் 3,300 ரூபாய் வட்டி பள்ளிக்கும் வருவதில்லை, பிள்ளைகளுக்கும் ஆவதில்லை.

கட்டணத்துக்கென்றே கடன் தரும் நிறுவனங்கள் இருக்கின்றன, வட்டி இல்லை, அதில் சேர்ந்துகொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். விசாரித்தேன். அதில் மாதாமாதம் ஒரே தொகையை, ஒரே தேதியில், வங்கிக் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்கள். அந்தத் தேதியில் கணக்கில் பணம் இல்லையென்றால் வங்கியும் அபராதம் போடும், நிறுவனமும் போடும். கடன் வரலாறும் கெடும். என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் ரொக்கமாக வருகிறது. சனிக்கிழமை வாங்கும் காசு, ஐந்தாம் தேதி காலையில் கணக்கில் இருக்கும் என்று எப்படி உறுதி சொல்ல முடியும்? மாதச் சம்பளம் வங்கியில் ஏறும் குடும்பத்துக்கு அந்தத் திட்டம் பொருந்தலாம். எங்களுக்குப் பொருந்தாது.

அக்டோபர் 5-ஆம் தேதியின் சிக்கல் வேறு. திருப்பூரில் வேலை செய்யும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வருடத்தில் ஒரே ஒரு முறை மொத்தமாகப் பணம் கையில் வருவது தீபாவளி போனஸின்போதுதான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். என் கணக்கில் அது பத்தாயிரத்தை ஒட்டி வரும். வீட்டுக்காரருக்குக் காண்ட்ராக்டர் தருவது சேர்த்து இரண்டு பேருக்குமாக 21,000 எதிர்பார்க்கிறோம். இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8. போனஸ் அதற்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால்தான் வரும். உங்கள் இரண்டாம் தவணை அக்டோபர் 5. வருடத்தின் பெரிய பணம் வருவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்னால் வருடத்தின் இரண்டாவது பெரிய தொகையைக் கேட்கிறீர்கள். ஒரு மாதம் தள்ளினால் கடனே வேண்டியதில்லை.

சரி, பத்து மாதத்துக்குச் சமமாகப் பிரித்து மாதம் 5,100 கட்டலாமே என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் எழுதிப் பார்த்தேன். அதில் இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஜூனில் புத்தகச் செலவு 11,000 இருப்பதால் அந்த மாதம் மிச்சமே இராது. அப்புறம் தீபாவளிக்குப் பிறகு வரும் வாரங்கள். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்து டேபிள் நிறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகிவிடும். ஆள் இல்லாமல் லைன் ஓடாது. நாங்கள் ஊருக்குப் போகாமல் இங்கேயே இருந்தாலும் வேலை இருக்காது. நவம்பரில் இரண்டு வாரச் சம்பளம் போனால் அந்த மாத வாடகையே டிசம்பரில்தான் நேராகும். சமத் தவணை போட்டால் நவம்பர் கடைசியில் ஒன்று தவறும். டிசம்பரில் பழையதும் புதியதும் சேர்த்து 10,200 கேட்பீர்கள். அதுவும் தவறும். அப்புறம் நாங்கள் அலுவலகத்துக்கு வரவே தயங்குவோம். ஒரு தவணை தவறுவதால் பெற்றோர் பணம் கட்டாமல் போவதில்லை. இரண்டு சேர்ந்து ஒரே நாளில் கட்ட முடியாத தொகையாக ஆகும்போதுதான் விலகிப் போகிறார்கள். தவணை தொடக்கத்திலேயே இதைப் பார்த்துப் போட வேண்டும்.

அதனால் எங்கள் சம்பள நாட்காட்டியை வைத்துக்கொண்டு இப்படிப் போட்டிருக்கிறேன். எல்லாமே திங்கட்கிழமை. சனிக்கிழமை வாங்கிய பணம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கும் மளிகைக்கும் பிரிந்துபோன பின் கட்டணத்துக்கென்று எடுத்துவைத்தது மட்டும் கையில் இருக்கும் நாள் அது. ஜூலையிலிருந்து நவம்பர் வரை ஒவ்வொரு தவணைக்கும் இடையில் சரியாக நான்கு வாரம், அதாவது நான்கு சம்பளம் இருக்கிறது.

2026 மே 25: ரூ. 12,000
ஜூன்: கட்டணத் தவணை இல்லை (புத்தகம், சீருடைக்கான ரூ. 11,000 மட்டும்)
ஜூலை 13: ரூ. 5,000
ஆகஸ்ட் 10: ரூ. 5,000
செப்டம்பர் 7: ரூ. 5,000
அக்டோபர் 5: ரூ. 4,000
நவம்பர் 2: ரூ. 12,000
டிசம்பர்: தவணை இல்லை
2027 ஜனவரி 4: ரூ. 5,000
பிப்ரவரி 1: ரூ. 3,000
மொத்தம்: ரூ. 51,000

அக்டோபரில் ஆயிரம் குறைத்திருப்பது காலாண்டு விடுமுறையில் மாமியாரைப் பார்க்க ஊருக்குப் போய்வரும் செலவுக்காக. பிப்ரவரியில் குறைவாக இருப்பது பொங்கலுக்குப் போகும் ஒரு வாரச் சம்பளத்தை எண்ணி. நவம்பர் 2 அன்று மட்டும் ஒரு சிறு சலுகை வேண்டும். சில வருடம் கம்பெனியில் போனஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டு, தீபாவளிக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்தான் பணம் கைக்கு வரும். அதனால் அந்தத் தவணைக்கு நவம்பர் 6 வெள்ளிக்கிழமை வரை நேரம் கொடுங்கள். போனஸ் 21,000 வந்தால் அதில் 12,000 நேராகப் பள்ளிக்குத்தான் வரும். மீதி 9,000-த்தில் துணிமணி, பலகாரம், ஊர் செலவு எல்லாவற்றையும் முடித்துக்கொள்வதாக நானும் வீட்டுக்காரரும் பேசி வைத்திருக்கிறோம்.

இதில் பள்ளிக்கு என்ன இழப்பு என்று நீங்கள் பார்ப்பீர்கள், பார்க்கவும் வேண்டும். பள்ளியை நடத்துவது லேசான காரியம் இல்லை என்று தெரியும். மே மாதம் உங்களுக்கும் கடினமான மாதம். ஆர்டிஓ ஆய்வுக்கு முன்னால் வேன்களைப் பழுதுபார்த்து எஃப்சி எடுக்க வேண்டும், இன்சூரன்ஸ் கட்ட வேண்டும், கட்டடத்துக்கு வெள்ளையடிக்க வேண்டும். பிள்ளைகள் வராத மாதத்திலும் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் பி.எஃப்-பும் உண்டு. ஆர்டிஇ பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணமும் தாமதமாகத்தான் வருகிறது. ஜூனில் 30,600 எதிர்பார்க்கும் இடத்தில் 12,000 வந்தால் உங்களுக்கு 18,600 குறைவது உண்மைதான்.

ஆனால் அந்தக் குறைவு வேகமாகச் சுருங்குகிறது. செப்டம்பர் 7 அன்று நாங்கள் கட்டியிருப்பது 27,000. உங்கள் முதல் தவணைக்கு 3,600 மட்டும் குறைவு. அக்டோபர் 5 அன்று 31,000, முதல் தவணையைத் தாண்டிவிடுகிறது. அன்றைக்கு முழுக் கட்டணத்துக்கு 20,000 பாக்கி இருக்கும். நான்கே வாரத்தில் நவம்பர் 2 அன்று அது 8,000 ஆகிவிடும்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். ஜூன் முதல் மார்ச் வரை பத்து மாதப் படிப்புக்கு 51,000 என்றால் ஒரு மாதப் படிப்புக்கு 5,100. ஜூன் முடியும்போது பிள்ளைகள் படித்தது 5,100-க்கு, நாங்கள் கட்டியிருப்பது 12,000. செப்டம்பர் முடியும்போது படித்தது 20,400-க்கு, கட்டியிருப்பது 27,000. டிசம்பரில் தவணையே இல்லை, அப்போதும் படித்தது 35,700-க்கு, கட்டியிருப்பது 43,000. பிப்ரவரி 1 அன்று இன்னும் இரண்டு மாதப் படிப்பு பாக்கி இருக்கும்போதே முழுப் பணமும் உங்களிடம் இருக்கும். அதாவது வருடத்தின் எந்த மாதக் கடைசியில் கணக்கு எடுத்தாலும் நாங்கள் பள்ளிக்குக் கடன்பட்டவர்களாக இருக்க மாட்டோம். எங்களுக்கு நீங்கள் கடன் கொடுக்க வேண்டியதே இல்லை, முன்பணத்தின் அளவைக் குறைத்தால் போதும் என்று நான் சொல்வது இதனால்தான்.

மே மாதத் தொகை போதாது என்று தோன்றினால் இன்னொரு வழி இருக்கிறது. ஏலச்சீட்டை ஒரு மாதம் முன்னதாகத் தள்ளி எடுத்தால் மே 25 அன்று 15,000 கட்ட முடியும். தள்ளு கொஞ்சம் கூடுதலாகப் போகும், அது எங்கள் பொறுப்பு. அப்படிக் கட்டினால் பிப்ரவரி தவணையே வேண்டாம், ஜனவரி 4-ஓடு 51,000 முடிந்துவிடும். இரண்டில் எது பள்ளிக்கு வசதி என்று சொல்லுங்கள், அதன்படி செய்கிறோம். அதற்கு மேல் 18,000, 20,000 என்று கேட்டால் மறுபடி வார வசூலுக்குத்தான் போக வேண்டிவரும்.

தவணை நம் பள்ளிக்குப் புதியதும் இல்லை. கொரோனா காலத்தில், 2021 ஜூலைக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம், வருமானம் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 75 சதவீதமும் மற்றவர்கள் 85 சதவீதமும் ஆறு தவணையில் கட்டலாம் என்று உத்தரவிட்டது. அப்போது என் மகள் மூன்றாம் வகுப்பு. நாங்கள் ஆறு தவணையையும் கட்டி முடித்தோம், ரசீதுகள் என்னிடம் இருக்கின்றன. உங்கள் பதிவேட்டிலும் இருக்கும். அந்த வருடம் தவணையில் கட்டியவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் விட்டார்கள் என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். என் பேச்சைவிட அந்தப் பதிவேடு உங்களுக்கு நம்பிக்கை தரும்.

நடைமுறையில் சில சின்ன விஷயங்கள் சரியானால்தான் இது ஓடும்.

கட்டணம் கட்டும் ஆன்லைன் பக்கத்தில் பருவத்துக்கான முழுத் தொகையை மட்டும்தான் போட முடிகிறது. 5,000 என்று போட்டால் எடுத்துக்கொள்வதில்லை. நேரில் வந்தால் அலுவலகத்திலும் ‘சிஸ்டம் எடுக்காதுங்க’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். பகுதித் தொகையை ஏற்கும்படி மென்பொருள்காரரிடம் சொல்லி மாற்ற முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் தவணைப் பெற்றோருக்கென்று ஒரு தனிப் பதிவேடு வைத்து, பள்ளியின் யுபிஐ எண்ணுக்கு அனுப்பியதும் கைரசீது கொடுத்தால் போதும். நேரில் கட்டும் நேரமும் ஒரு சிக்கல். அலுவலகம் ஒன்பதரைக்குத் திறக்கிறது, எனக்கு ஷிப்ட் எட்டரைக்கு. கட்ட வரும் நாளில் அரை ஷிப்ட், 200 ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. தவணைத் திங்கட்கிழமைகளில் மட்டும் காலை எட்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தால், பிள்ளைகளை விடும்போதே கட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுவோம்.

தேதியும் தொகையும் எழுதிய ஒரே ஒரு பக்கம் போதும். நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம், பள்ளி முத்திரை வைத்து ஒரு பிரதி கொடுங்கள். ஒப்புக்கொண்ட தேதிக்குள் கட்டினால் தாமதக் கட்டணம் இல்லை என்று அதில் இருக்கட்டும். பின்தேதியிட்ட காசோலை கேட்பது வேண்டாம். காசோலை திரும்பினால் இரண்டு பக்கமும் அபராதம், அப்புறம் வழக்கு என்று ஒரு வீண் பயம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதையெல்லாம் மீறித் தவணை தவறினால் என்ன செய்வது என்பதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடலாம். வருடத்தில் ஒரு முறை மட்டும், தேதிக்கு மூன்று நாள் முன்னதாகச் சொன்னால், நவம்பர் தவிர்த்த ஒரு தவணையைத் தள்ளித் தாருங்கள். தள்ளிய தொகையை அடுத்த தவணையோடு ஒரேயடியாகச் சேர்க்காமல், அடுத்த இரண்டு தவணைகளில் பாதிப் பாதியாகச் சேர்த்தால் கட்டிவிடலாம். ஆகஸ்ட் 10 தவறினால் செப்டம்பர் 7-லும் அக்டோபர் 5-லும் 2,500 கூடும். கஷ்டம்தான், ஆனால் கூடுதல் ஷிப்ட் பார்த்துக் கட்டக்கூடிய கஷ்டம். சொல்லாமல் ஒரு தவணை தவறினாலோ, சொல்லியும் அடுத்தடுத்து இரண்டு தவறினாலோ, எங்களை நேரில் கூப்பிடுங்கள். அப்போது குடும்பத்தில் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். வந்து உட்கார்ந்து பேசிப் புதிய தேதி போட்டுக்கொள்கிறோம்.

ஆனால் கூப்பிடுவது எங்களை மட்டுமாக இருக்கட்டும். போன அக்டோபரில் பாக்கி உள்ளவர்கள் பெயரை வகுப்பில் வாசித்து எழுந்து நிற்கச் சொன்னார்கள். என் மகளும் நின்றாள். அன்று ராத்திரி அவள், ‘அம்மா, நான் கவர்ன்மென்ட் ஸ்கூலுக்கே போய்க்கறேன்’ என்றாள். அரசுப் பள்ளி மட்டம் என்று நான் சொல்லவில்லை, நானும் அதில் படித்தவள்தான். கணக்கில் நன்றாக வரும் பிள்ளை, தனக்குப் பிடித்த பள்ளியை, பிடித்த டீச்சரை விட்டு, வெட்கத்துக்காகப் போகிறேன் என்று சொன்னதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்த வாரம்தான் சங்கிலியை அடகு வைத்துக் கட்டினோம். வகுப்பாசிரியரை நான் குறை சொல்ல மாட்டேன். பட்டியலைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கட்டண நினைவூட்டல் அலுவலகத்திலிருந்து பெற்றோரின் போனுக்கு மட்டும் வர வேண்டும், தேர்வு எழுதவிடாமல் நிறுத்துவதோ வகுப்பில் சொல்வதோ கூடாது என்பதைத் தவணைப் பக்கத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்ற எதை மாற்றச் சொன்னாலும் பேசலாம். இந்த வரியை மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

எங்கள் கணக்கு எல்லாருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். ஆட்டோ ஓட்டுபவர், காய்கறிக் கடை வைத்திருப்பவர், மாதச் சம்பளத்தில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் பணம் வரும் நாள் வேறு. எல்லாருக்கும் விருப்பம்போல் தேதி கொடுத்தால் அலுவலகத்தில் இருக்கும் இரண்டு பேரால் சமாளிக்க முடியாது. அதனால் இரண்டே படிவம் போதும் என்பது என் யோசனை. வாரக் கூலிக்காரர்களுக்கு, நான் மேலே போட்டதைப்போல நவம்பரில் பெரிய தவணை உள்ள ஒன்று. மாதச் சம்பளக்காரர்களுக்கு, ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதிக்குள் கட்டும் சமத் தவணை ஒன்று. போன வருடப் பாக்கி இல்லாதவர்களுக்கு, மே 20-க்குள் எழுதிக் கேட்பவர்களுக்கு மட்டும் என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணை எப்படியும் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது என்றும் வைக்கலாம். எங்கள் 12,000 அதற்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது. முதல் வருடம் இருபது, முப்பது குடும்பத்தோடு நடத்திப் பார்த்துவிட்டு, பிப்ரவரி முடிவில் எவ்வளவு வசூலானது என்று பார்த்து அடுத்த வருடத்துக்கு முடிவெடுங்கள்.

தேதி, தொகை எழுதிய பக்கத்தை இருவரும் கையெழுத்திட்டு இந்த மடலோடு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். 12,000-மா, 15,000-மா என்பதை மே 15-க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும், ஏனென்றால் சீட்டு ஏலம் மே 17 ஞாயிற்றுக்கிழமை. நேரில் பேச வேண்டுமென்றால் எந்த நாள் சாயங்காலமும் ஆறரைக்கு மேல் நானும் வீட்டுக்காரரும் வருகிறோம்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு, நான்காம் வகுப்பு மாணவர்களின் தாய்
திருப்பூர்